சுருக்கக் கடிதமா, விவரக் கடிதமா?

சென்னையிலிருந்து சிட்னிக்கு வீட்டுச் சாமான் அனுப்பும்போது, பேக்கிங் லிஸ்ட்டோடு ஏஜென்டுக்குக் கொடுக்கும் கடிதத்தில் எவ்வளவு எழுதுவது?

எழுத: சுருக்கமானது நாலே வரி. பெயர், பாஸ்போர்ட் எண், மொத்தப் பெட்டிகள், "பட்டியல் இணைப்பு". விவரமானதற்கு ஒரு மாலை போய்விடும்.

சோதனைக்கு: மரம், மூங்கில், விதை, மண் ஒட்டிய செருப்பு எல்லாவற்றையும் ஆஸ்திரேலியாவில் அறிவித்தாக வேண்டும். "14ஆம் பெட்டி: மூங்கில் முறம், மரப் பல்லாங்குழி" என்று விவரக் கடிதம் சொன்னால், தேடாமல் அதையே எடுக்கலாம். சுருக்கத்தில் ஏஜென்ட் திரும்பத் திரும்பக் கேட்பார்.

வரிக்கு: 12 மாதமாவது வைத்துப் புழங்கியவற்றுக்கு வரியில்லை. புது மிக்ஸியை விவரக் கடிதத்தில்தான் தனியே காட்ட முடியும்.

துணியும் பழைய பாத்திரமும் மட்டுமா? சுருக்கமே போதும். மரச்சாமானோ புதுப்பொருளோ இருந்தால் விவரம்தான்.