எக்ஸ்ரே அறையா, ஆபரேஷன் தியேட்டரா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் என் தங்கச்சி மகள் தக்கலையிலிருந்து வீட்டுக்கு வந்தாள். கையில் இரண்டு விண்ணப்பங்கள்: ஒன்று ரேடியாலஜி டிப்ளமோவுக்கு, இன்னொன்று தியேட்டர் டெக்னீஷியன் படிப்புக்கு. "மாமா, எதுல சீக்கிரம் வேலை கிடைக்கும்?" என்று கேட்டாள். நாகர்கோவில் வட்டாரத்தில் இருபது வருடமாக எக்ஸ்ரே எடுப்பவன் நான். டாக்டரோடு சி-ஆர்ம் என்ற நகர்த்தும் எக்ஸ்ரே இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு தியேட்டருக்குள்ளும் பல ராத்திரிகள் நின்றிருக்கிறேன். எனவே இரண்டு பக்கத்தையும் ஒரு நோயாளியை வைத்தே அவளுக்குச் சொன்னேன்.

ஐப்பசி மழையில் பாசி பிடித்த முற்றத்தில் ஒரு பாட்டி வழுக்கி விழுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்து எலும்பு ஆஸ்பத்திரிகளுக்கு இது வழக்கமான கேஸ். இடுப்பு எலும்பு முறிந்த கால் மற்றக் காலைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடக்கும். ஸ்ட்ரெச்சர் முதலில் வருவது எங்கள் அறைக்குத்தான்.

இரண்டு இடுப்பும் ஒரே படத்தில் விழ வேண்டும். நல்ல காலைப் பார்த்துத்தான் முறிந்ததை டாக்டர் அளப்பார். நல்ல காலைப் பதினைந்து டிகிரி உள்பக்கம் திருப்பி வைப்போம். முறிந்த காலை அப்படித் திருப்பவே கூடாது. புதிதாக வந்த பையன்கள் பாடத்தில் படித்த நினைவில் அதையும் பிடித்துத் திருப்பப் போவார்கள், பாட்டி அலறுவார். பக்கவாட்டுப் படத்துக்கு நல்ல காலைத் தூக்கிப் பிடித்து, கதிரைப் படுக்கைவாட்டில் விட வேண்டும். சேலையில் குத்திய ஊக்கு, இடுப்பில் கட்டிய கயிற்றுத் தாயத்து எல்லாம் முதலிலேயே கழற்றியாக வேண்டும். வலது, இடது அடையாளக் கட்டையைப் படம் எடுக்கும்போதே வைப்பது இன்னும் முக்கியம். பிறகு கம்ப்யூட்டரில் எழுத்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், என்றாவது ஒருநாள் பக்கம் மாறிப்போகும்.

மொத்தம் பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடமும் அறையில் முடிவெடுப்பவர் டெக்னீஷியன் ஒருவர்தான்.

மறுநாள் காலை அதே பாட்டி தியேட்டருக்குப் போவார். அங்கே டெக்னீஷியனின் நாள் அறுவை தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே தொடங்கிவிடும். மயக்க மருந்து இயந்திரம், ஆக்சிஜன் சிலிண்டர், சக்ஷன், லாரிங்கோஸ்கோப் விளக்கு எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். முறிவு மேசையில் காலை இழுத்துக் கட்டும் பூட்ஸுக்குள் பஞ்சு வைக்க வேண்டும். மின்சாரத்தால் சதையை வெட்டும் டயாதெர்மி கருவியின் தகட்டை நல்ல பக்கத்துத் தொடையில், சதை உள்ள இடத்தில், ஈரமில்லாமல் முழுதும் ஒட்டும்படி வைக்க வேண்டும். பாதிதான் ஒட்டியிருந்தால் மின்சாரம் முழுதும் அந்தச் சிறிய இடத்தின் வழியாகப் போய்த் தோல் வெந்துவிடும். பாட்டி முதுகில் மருந்து போட்டு மரத்துக் கிடப்பதால் அவருக்கு அது தெரியவும் தெரியாது.

ஆட்டோகிளேவிலிருந்து வந்த கருவிக் கட்டின் மேலே ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடு தெரிந்தால் கிருமி நீங்கிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கோடு சொல்வது கட்டு வெளியே சூடு பட்டது என்பதை மட்டும்தான். நீராவி உள்ளே எட்டியதா என்பதை உள்ளே வைத்த பட்டையின் நிறம்தான் காட்டும். பிரிக்கும்போது துணி ஈரமாக இருந்தால் பட்டை மாறியிருந்தாலும் அந்தக் கட்டை ஒதுக்கிவிட வேண்டும். நல்ல தியேட்டர் டெக்னீஷியன் இதை டாக்டர் கேட்கும் முன்பே செய்திருப்பார். டாக்டர் கத்தியை எடுக்கும் நேரத்தில் அவருடைய வேலையில் பாதிக்கு மேல் முடிந்திருக்கும், யார் கண்ணிலும் படாமல்.

இதுதான் முதல் வித்தியாசம். எக்ஸ்ரேக்காரரின் வேலை ஒரு படமாக நிற்கும், அவர் பெயரோடு. தியேட்டர்காரரின் வேலை தவறு நடக்காமல் போவதில் இருக்கிறது. கூட்டத்தில் ஒருவராக நாலு மணி நேரம் நின்றுகொண்டே, டாக்டரின் கோபத்தையும் சேர்த்துத் தாங்கி வேலை பார்க்கத் தெரிந்தவருக்கு தியேட்டர் பொருந்தும். நோயாளியிடம் பேசி, தனியாக முடிவெடுத்து, இயந்திரத்தோடு பழகப் பிடித்தவருக்கு எக்ஸ்ரே.

சரி, அவள் கேட்ட கேள்விக்கு வருவோம். வேலை இரண்டிலும் கிடைக்கும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி, குலசேகரம், நெய்யூர், நாகர்கோவில், மார்த்தாண்டம் என்று நம் சின்ன மாவட்டத்தில் ஆஸ்பத்திரிகள் நெருங்கிக் கிடக்கின்றன. களியக்காவிளை தாண்டினால் திருவனந்தபுரம். ஆனால் அந்த வேலைக்குக் கிடைக்கும் மதிப்பு ஒன்றல்ல.

எக்ஸ்ரே இயந்திரம் வைத்திருக்கும் எந்த ஆஸ்பத்திரியும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிக்குள் வருகிறது. இயந்திரத்தை இயக்குபவருக்கு உரிய படிப்பு இருக்க வேண்டும் என்பது அந்த விதி. ஆய்வுக்கு வருபவர் கேட்டால் ஆஸ்பத்திரி சான்றிதழைக் காட்டியாக வேண்டும். படிக்காத ஆளைப் பழக்கி உட்கார வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்தான். ஆனால் அவர்கள் பயந்துகொண்டே வைத்திருக்கிறார்கள்.

தியேட்டருக்கு அப்படி ஒரு கடிவாளம் சின்ன ஆஸ்பத்திரிகளில் இல்லை. அங்கே நர்ஸே தியேட்டரைப் பார்ப்பார், அல்லது பத்து வருடமாக உடன் நிற்கும் உதவியாளர் எல்லாம் கற்றுக்கொண்டிருப்பார். படித்துவிட்டு வரும் பிள்ளை அவர்களோடுதான் சம்பளத்துக்குப் போட்டி போட வேண்டியிருக்கிறது. தியேட்டர் வேலை சீக்கிரம் கிடைக்கிறது, சம்பளம் மெதுவாகத்தான் ஏறுகிறது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். இதிலிருந்து தப்பிக்கும் வழி மயக்கவியல் பக்கம். அனஸ்தீஷியா இயந்திரத்தைப் புரிந்து கையாளத் தெரிந்தவரை உதவியாளரால் ஈடுகட்ட முடியாது. ஆகவே தியேட்டர்தான் என்று முடிவு செய்தால், மயக்கவியலும் சேர்ந்த படிப்பையே எடுங்கள்.

படிப்புக் காலம் என்று பார்த்தால், அரசு வழியில் கதிரியக்க நோயறிதல் டிப்ளமோ இரண்டு ஆண்டு. தியேட்டர், மயக்கவியல் டெக்னீஷியன் சான்றிதழ்ப் படிப்புகள் ஓராண்டு. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. என்றால் இரண்டுக்குமே மூன்று ஆண்டு, பிறகு ஓராண்டு பயிற்சி. ஓராண்டுதானே என்று தியேட்டர் பக்கம் சாய்பவர்கள் 2021-ல் வந்த மத்தியச் சட்டத்தைக் கவனிக்க வேண்டும். துணை மருத்துவப் பணியாளராகக் கணக்கில் வர, குறைந்தது இரண்டு ஆண்டில் 2,000 மணி நேரம் படித்த டிப்ளமோ அல்லது பட்டம் வேண்டும் என்கிறது அது. ரேடியாலஜிக்கும் தியேட்டருக்கும் இதே அளவுதான். ஓராண்டுச் சான்றிதழ் அந்த அளவை எட்டாது. இன்றைக்கு வேலை தரும், பதிவு என்று வரும் நாளில் இடிக்கலாம்.

ஆறு மாதப் படிப்பைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு பையன் வந்தான். அவன் அப்பா ரப்பர் வெட்டுபவர். தெருமுனையில் போர்டு வைத்திருந்த ஒரு நிலையத்தில் 'ஸ்கேன் டெக்னீஷியன்' என்று ஆறு மாதம் படித்திருந்தான். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பண்ணச் சொல்லித் தந்தார்களாம். அந்த ஸ்கேனைத் தகுதியுள்ள டாக்டர்தான் எடுக்க முடியும், கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி டெக்னீஷியன் எடுக்கக் கூடாது என்பதை நான்தான் அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. டெக்னீஷியனுக்கு உரியவை எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ, மேமோகிராம் போன்றவை. பிறகு அவன் வளைகுடாவுக்கு முயன்றபோது சான்றிதழைச் சரிபார்க்கக் கடிதம் போயிற்று. பதில் தர அந்த நிலையமே அங்கே இல்லை. வெளிநாட்டு உரிமத்துக்குப் படித்த இடத்திலேயே நேரடியாக விசாரிப்பார்கள். பத்து வருடம் கழித்தும் இருக்கப்போகும் கல்லூரியா என்று பார்த்துச் சேருவது அதற்காகத்தான்.

என் தங்கச்சிக்கு வேறொரு பயம். "கதிர் பட்டா பிள்ளைக்கு நாளைக்கு ஒண்ணும் ஆகிடாதா அண்ணே?" என்றாள். எக்ஸ்ரேயை விட்டுத் தியேட்டருக்குப் போனால் பத்திரம் என்று அவள் கணக்கு. உண்மை கிட்டத்தட்ட தலைகீழ். எக்ஸ்ரே அறையில் பட்டனை அழுத்தும்போது நான் தடுப்புக்குப் பின்னால் நிற்கிறேன். நெஞ்சில், பட்ட கதிரை அளக்கும் டிஎல்டி பேட்ஜ் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பி அளவு வாங்குகிறோம். ஐந்து ஆண்டுச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் என்பது வரம்பு, ஒரே ஆண்டில் 30-ஐத் தாண்டக் கூடாது. ஒழுங்காக வேலை செய்தால் அதன் பக்கத்திலேயே போக மாட்டோம்.

அந்தப் பாட்டியின் அறுவையில் சி-ஆர்ம் வரும்போது தியேட்டர் பிள்ளை நோயாளியின் காலருகே நிற்கும். தடுப்பு கிடையாது, ஈய ஏப்ரன் மட்டும்தான். பல இடங்களில் பேட்ஜும் தருவதில்லை, அவர்கள் 'கதிர்ப் பிரிவு' இல்லையாம். நோயாளியின் உடலில் பட்டுச் சிதறும் கதிர் குழாய் இருக்கும் பக்கம்தான் அதிகம். அதனால் எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும், முடிந்தால் இரண்டடி பின்னால் போக வேண்டும். தூரம் இரட்டித்தால் கதிர் கால்வாசியாகிவிடும். எலும்பு ஆஸ்பத்திரி தியேட்டரில் சேர்பவர் முதல் நாளே பேட்ஜ் கேட்கலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

எக்ஸ்ரே பக்கம் எல்லாம் பத்திரம் என்றும் சொல்ல மாட்டேன். டிஜிட்டல் வந்தபின் ஒரு புதுத் தப்பு புகுந்திருக்கிறது. நான் இருட்டறையில் டெவலப்பர், ஃபிக்ஸர் வாசனையோடு தொடங்கியவன். அன்றைக்குக் கதிர் கூடினால் ஃபிலிம் கறுத்து, தவறு உடனே முகத்தில் அறையும். இன்றைக்குக் கூடுதலாகக் கொடுத்தாலும் கம்ப்யூட்டர் சரிப்படுத்திப் படத்தை அழகாகக் காட்டிவிடும். குறைத்தால்தான் படம் மணல் தூவியதுபோல் வரும், டாக்டர் திட்டுவார். எனவே புதியவர்கள் திட்டு வாங்காமலிருக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். திரையின் ஓரத்தில் கதிர் கூடியதா குறைந்ததா என்று காட்டும் எக்ஸ்போஷர் இண்டெக்ஸ் என்று ஒரு எண் வரும், படத்தின் அழகைவிட அதைத்தான் பார்க்க வேண்டும். அந்த எண்ணைப் பற்றிப் பேசாமலே டிப்ளமோ முடித்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் ரேடியாலஜி விண்ணப்பத்தை மேலே எடுத்து வைத்தாள். சேரும் முன் இரண்டு கேள்வி கேட்டு வரச் சொல்லியனுப்பினேன். ஒரு நாளைக்கு எத்தனை நோயாளி வரும் ஆஸ்பத்திரியில் பயிற்சி, மாணவர்களுக்கும் டிஎல்டி பேட்ஜ் உண்டா? முதல் கல்லூரியில் அலுவலகத்தில் இருந்தவருக்கு பேட்ஜ் என்றால் என்ன என்றே தெரியவில்லையாம். இரண்டாவது இடத்தில் சீனியர் பிள்ளை ஒருத்தி தன் கோட்டில் குத்தியிருந்ததைக் கழற்றிக் காட்டியிருக்கிறாள். அங்கேதான் பணம் கட்டியிருக்கிறார்கள்.