பீஸ் ரேட் சம்பளத்துக்கு கூகுள் ஷீட்: ரெண்டு வருஷத்துக்கு மேல யூஸ் பண்ண அனுபவம்

சேலம் கொண்டலாம்பட்டி பக்கம் சின்னதா நைட்டி தைக்கிற யூனிட் வெச்சிருக்கோம். எல்லாருக்கும் பீஸ் ரேட்தான், சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். நோட்டுல எழுதிட்டிருந்தத ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஷீட்டுக்கு மாத்தினோம், அதுல எது நல்லா வேலை செய்யுது எது கை கடிக்குதுன்னு சொல்றேன்.

பெருக்கிக் கூட்டுறத நோட்டே செஞ்சிடும்ங்க. நோட்டு தடுமாறுறது நடு வாரத்துல ரேட் மாறுறப்பதான். ஜிப் வைக்கிறதுக்கு பீஸுக்கு 4 ரூபா இருந்துச்சு, புதன்கிழமையிலருந்து 4.50ன்னு பேசினோம். ஷீட்டுல பழைய ரேட்ட அழிச்சுட்டு 4.50 போட்டா திங்கள், செவ்வாய் தெச்சதும், போன மாசம் சம்பளம் குடுத்து முடிச்சதும் சேர்ந்து மாறிடும். அதனால ரேட்ட அழிக்கவே கூடாது, எந்த தேதியிலருந்து எந்த தேதி வரைக்கும்னு தனி வரியா எழுதணும். Rate ஷீட்டுல A வேலை, B ஆரம்ப தேதி, C முடியுற தேதி, D ரேட். தினசரி என்ட்ரில A தேதி, B வேலை, ரேட் கட்டத்துல இது:

```
=SUMIFS(Rate!D:D,Rate!A:A,B2,Rate!B:B,"<="&A2,Rate!C:C,">="&A2)
```

இப்ப ஓடுற ரேட்டுக்கு முடியுற தேதி 31-12-2099ன்னு போட்டுக்கறோம். புது வரி சேர்க்கும்போது பழைய வரியோட முடியுற தேதிய செவ்வாய்க்கிழமைன்னு மாத்தியாகணும், விட்டா ரெண்டு ரேட்டும் கூடி 8.50ன்னு வந்து நிக்கும், பாத்த உடனே தெரிஞ்சிடும். தேதி நடுவுல இடைவெளி விழுந்தா 0 வரும், அதுவும் கண்ணுல படும்.

அந்த வாரம் ஒரு அக்காவோட கணக்கு. கை வெச்சது 640 பீஸ், 2.50 வீதம் 1,600. ஜிப் திங்கள், செவ்வாய் 180 பீஸ், 4 வீதம் 720, புதன்லருந்து 220 பீஸ், 4.50 வீதம் 990. மொத்தம் 3,310. ஜிப் முழுசுக்கும் 4.50 போட்டிருந்தா 90 ரூபா கூட போயிருக்கும், எல்லாத்துக்கும் பழைய ரேட்னா அக்காவுக்கு 110 ரூபா நஷ்டம். ரெண்டுமே சண்டையிலதான் முடியும்.

அடுத்து அட்வான்ஸ். நடு வாரத்துல செலவுக்கு வாங்குறதும் தீபாவளிக்கு வாங்குன பெரிய அட்வான்ஸும் ஒரே கட்டத்துல இருந்தா ஒரு மாசத்துல குழம்பிடும்ங்க. செலவுக் காசு அந்த வாரமே முழுசா கழியும், பெரிய அட்வான்ஸ் வாரம் 500. அக்கா புதன்கிழமை 700 வாங்கியிருந்தாங்க, 500 பிடிச்சது போக கையில 2,110. பாக்கி எவ்வளவுங்கறத நாங்க கையால டைப் பண்றதே இல்ல, குடுத்ததும் பிடிச்சதும் தேதி போட்டு வரி வரியா இருக்கும், பாக்கிய ஷீட்டே கூட்டிக்கும். "இன்னும் எத்தனை பாக்கி தம்பி"ன்னு அக்கா கேட்டா எல்லா வரியையும் போன்லயே காட்டிடலாம், அந்த ஒரு விஷயத்துக்காகவே இத விட மாட்டேன்.

லீவு போட்ட வாரத்துக்கு தனியா யோசிக்கணும். 900 ரூபாக்குத்தான் தெச்சிருக்காங்க, 300 செலவுக்கு வாங்கியாச்சு, அதுலயும் 500 பிடிச்சா கையில 100 ரூபா, வீட்டுக்கு என்னத்த கொண்டு போவாங்க. சட்டப்படியும் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்துல பாதிய தாண்டக்கூடாது. அதனால இப்படி:

```
=MIN(500,பாக்கி,MAX(0,மொத்தம்/2-செலவு))
```

பாக்கி, மொத்தம், செலவுங்கற இடத்துல உங்க கட்டத்தோட பேர் போட்டுக்கோங்க. 900ல பாதி 450, அதுல 300 போக 150 மட்டும் பிடிக்கும், மீதி பாக்கிலயே நிக்கும். இஎஸ்ஐ பிடிக்கிற யூனிட்டா இருந்தா தொழிலாளி பங்கு 0.75 சதவீதத்த அட்வான்ஸ் கழிக்கிறதுக்கு முன்னாடி இருக்கிற மொத்தத்துல போடணும், கையில குடுக்கிற தொகையில இல்ல, அதையும் இந்த பாதிக் கணக்குக்குள்ளயே சேர்த்துக்கோங்க.

ஆல்ட்ரேஷனுக்கு நாங்க காசு பிடிக்கிறதில்ல. செக்கிங்ல திரும்பின பீஸ தெச்சவங்களே சரி பண்ணிக் குடுத்தப்புறம்தான் எண்ணிக்கை ஏறும். காசு பிடிச்சா பிசிறு பீஸ பண்டலுக்கு நடுவுல ஒளிச்சு வெச்சு அனுப்புவாங்க, அது கடைக்காரர் கையில போய் மாட்டும்.

ஷீட்டால முடியாதது ஒண்ணு இருக்கு, தப்பா எண்ணினத அது கண்டுபிடிக்காது. ஒருத்தர் பாதியில விட்டுட்டு லீவு போன பண்டல இன்னொருத்தர் முடிச்சா ரெண்டு பேர் அட்டையிலயும் முழு 20 பீஸ் ஏறிடும். அதுக்கு வெட்டின கணக்கோட ஒத்துப் பாக்கணும், 600 நைட்டி வெட்டியிருந்தா எல்லாரும் சேர்ந்து ஜிப் வெச்சது 600ஐ தாண்டக்கூடாது, 620 காட்டினா ஒரு பண்டல் ரெண்டு தடவ ஏறியிருக்குன்னு அர்த்தம். சனிக்கிழமை மத்தியானமே இத பாத்துடுவோம், காசு கைமாறினப்புறம் யாருகிட்டயும் திருப்பிக் கேக்கறது கஷ்டம்ங்க.