மூன்று வாசகம், ஒரே போர்டு: முந்திரிக் கடைக்கு எதை எழுதுவது?

புதுச்சேரியிலிருந்து கடலூர் வரும் சாலையில், தென்பெண்ணைப் பாலத்துக்கு முக்கால் கிலோமீட்டர் முன்னால் ஓர் இடம் கிடைத்தது. 20 அடி அகலம், 10 அடி உயரத்தில் போர்டு வைக்கலாம். கடை பாலத்தைத் தாண்டிக் கடலூர்ப் பக்கம், ஆல்பேட்டைக்கு அப்புறம் இடப்பக்கத்தில் இருக்கிறது. விற்பது பண்ருட்டி முந்திரி. வாங்க வேண்டியவர்கள், புதுச்சேரியைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிதம்பரம், பிச்சாவரம் என்று காரில் போகிறவர்கள்.

வாசகம் எழுதித் தரும் வேலை எனக்கு. மேசையில் மூன்று வாசகங்கள் இருந்தன. முதலாவது கடைக்காரர் எழுதிக் கொண்டுவந்தது:

பண்ருட்டியின் பாரம்பரிய சுவையில் தரமான முந்திரிப் பருப்பு, உலர் பழங்கள், மசாலா வகைகள் நியாயமான விலையில் மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும்

இதன் கீழே கடையின் பெயர், இரண்டு செல் நம்பர், கியூஆர் கோடு, மூலையில் பிள்ளையார். இரண்டாவது, அவருடைய மகன் சொன்னது:

முந்துங்கள் முந்திரிக்கு!

மூன்றாவது என்னுடையது:

பண்ருட்டி முந்திரி
பாலம் தாண்டி
இடப்பக்கம்

எது நல்ல தமிழ், எது அழகு என்ற கேள்விக்குள் போவதற்கு முன்னால், வண்டி ஓட்டுகிறவருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று கணக்குப் போட்டுவிட வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். அந்த இடத்தில் புளியமரம் விலகி போர்டு முழுதாகத் தெரிவது 120 மீட்டர் தூரத்தில். 40 மீட்டர் வரை நெருங்கிவிட்டால் போர்டு ஓரத்துக்குப் போய்விடும். அப்புறம் தலையைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும், யாரும் திருப்ப மாட்டார்கள், திருப்பவும் கூடாது. ஆக, கையில் இருப்பது 80 மீட்டர், ஐந்து நொடிக்குச் சற்றுக் குறைவு. அதிலும் முன்னால் போகிற பஸ், குறுக்கே வருகிற டூ வீலர் என்று கண் சாலைக்குப் போய்ப் போய்த்தான் திரும்பும். போர்டுக்கு மிஞ்சுவது மூன்று நொடி. அதுவும் சேர்ந்தாற்போல் கிடைக்காது, இரண்டு மூன்று பார்வையாகப் பிய்ந்துதான் கிடைக்கும்.

அடுத்தது எழுத்தின் உயரம். ஓர் அங்குல உயரமுள்ள எழுத்தைப் பத்தடி தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்கலாம் என்பது போர்டுத் தொழிலில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. கண்ணை இடுக்கிப் படித்தால் அதைப் போல் இரண்டு மடங்கு தூரம் வரை போகும். ஆனால் இது ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு வந்த கணக்கு. தமிழில் ‘முந்திரி’ என்று எழுதிப் பாருங்கள். ‘தி’, ‘ரி’ இரண்டிலும் வளைவு மேலே போகிறது, ‘ந்’ மேல் புள்ளி நிற்கிறது, ‘மு’ கீழே சுழிக்கிறது. அந்த வரிக்கு 40 அங்குலம் ஒதுக்கினால், எழுத்தின் உடம்பு என்று தேறுவது 20 அங்குலத்துக்குச் சற்று மேல்தான். ஃபிளெக்ஸ் கடையில் டிசைன் செய்கிற தம்பி ‘எழுத்து ரெண்டடி இருக்குண்ணே’ என்று சொன்னால், புள்ளியிலிருந்து சுழி வரை அளந்தாரா, உடம்பை மட்டும் அளந்தாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து படிக்க உதவுவது உடம்புதான்.

இப்போது முதல் வாசகம். சொல் 15, எழுத்து 74. பெயரும் நம்பரும் பிள்ளையாரும் போக மிஞ்சிய இடத்தில் இதை ஐந்து வரியாக மடக்கினால், எழுத்தின் உடம்பு 8 அங்குலத்துக்கு மேல் வரவில்லை. சிரமமில்லாமல் படிக்க 80 அடி, அதாவது 24 மீட்டர். கண்ணை இடுக்கினால் 48 மீட்டர். 40 மீட்டரில் போர்டு ஓரத்துக்குப் போய்விடுகிறது என்று பார்த்தோம். படிக்கத் தொடங்கிய அரை நொடியில் போர்டு போய்விடும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. ‘பாரம்பரிய’ என்ற சொல்லில் காலும் ‘ர’வும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பல ஃபாண்டில் இரண்டும் ஒரே உருவம். அகலம் போதவில்லை என்று டிசைனில் எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்கினால், தூரத்திலிருந்து வரிசையாகக் கம்பு நட்டதுபோல்தான் தெரியும். வாசித்து முடித்தாலும் என்ன கிடைக்கிறது? தரமான, நியாயமான, பாரம்பரிய. எந்தக் கடையும் தன் சரக்கு தரமில்லாதது என்று போர்டு வைப்பதில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்ற ஒரே ஒரு செய்தி மட்டும் 74 எழுத்திலும் இல்லை.

இதே வாசகம் கடைக்குள் ஒட்டினால் நன்றாக இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். பில் போட நிற்கிறவர் மசாலாவும் இருக்கிறது என்று பார்த்து வாங்குவார். சிக்னலில் ஒரு நிமிடம் நிற்கும் இடத்தில்கூட ஓரளவு வேலை செய்யும். ஓடுகிற சாலைக்குத்தான் இது ஆகாது.

இரண்டாவது வாசகம் அப்படியில்லை. 12 எழுத்துதான், மூன்றிலும் சிறியது. எதுகை காதில் நிற்கிறது. மகன் அதைச் சொன்னபோது எனக்கும் பிடித்திருந்தது. எழுத்தைக் குறைத்தால் போதும், வேகமாகப் படித்துவிடுவார்கள் என்று நானும் ரொம்ப நாள் நினைத்தவன்தான். அது பாதி உண்மை. இரண்டு சொல்லும் ‘முந்’ என்று தொடங்குகின்றன. ஓடுகிற வண்டியில் கண் ஒரு சொல்லின் தொடக்கத்தைப் பெரிதும் நம்பித்தான் அதை அடையாளம் பிடிக்கிறது. ஒரே மாதிரி தொடங்கும் இரண்டு சொல்லைப் பார்த்தால் மறுபடி ஒரு தரம் போய்ப் பார்க்கும். அந்த மறுபார்வைக்கு ஒரு நொடி போய்விடும். சொல் விளையாட்டு என்பதே இரண்டு தரம் படித்து ரசிக்கிற விஷயம், உட்கார்ந்து படிக்கிறவருக்கானது.

அதைவிடப் பெரிய கோளாறு சொல்லின் பொருளில் இருக்கிறது. சாலையில் ‘முந்துங்கள்’ என்றால் வண்டி ஓட்டுகிறவருக்கு ஒரே பொருள்தான், முன்னால் போகிற வண்டியை ஓவர்டேக் செய்யுங்கள் என்பது. பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவர் கண்ணில் முதலில் படும் சொல் அதுவாக இருக்கக் கூடாது. ‘முந்திரிக்கு’ என்று முடிப்பதற்குள் பார்வை சாலைக்குத் திரும்பிவிட்டால் அவர் மனதில் தங்குவது பாதி வாசகம். மூன்று நொடி போர்டில் ஒவ்வொரு சொல்லும் தனியாகக் கிழிந்து விழுந்தாலும் கெடுதல் செய்யாமல் இருக்க வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாவது வாசகத்தில் எழுத்து 22. இரண்டாவதைவிடப் பெரியது. ஆனால் ஒரு பார்வைக்கு ஒரு வரி என்று உடைத்திருக்கிறது. முதல் வரியில் 9 எழுத்து, 20 அடி அகலத்தில் பரப்பினால் உடம்பு 22 அங்குலம் வருகிறது. 67 மீட்டரில் சிரமமில்லாமலும், கொஞ்சம் முயன்றால் போர்டு கண்ணில் பட்ட கணத்திலிருந்தும் படிக்கலாம். கீழே இரண்டு வரிகளும் 16 அங்குலம், அவற்றுக்கு வலப்பக்கம் ஒற்றை முந்திரிப் பருப்பின் படம். கிண்ணம் நிறையக் கொட்டிய படம் வைத்தால் தூரத்தில் அது கடலையா, பட்டாணியா என்று தெரியாது. ஒரே பருப்பு, அந்த வளைவோடு, மூன்றடி உயரத்தில் இருந்தால் பெங்களூரிலிருந்து வந்து தமிழ் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கிவிடும். மஞ்சள் பின்னணி, கறுப்பு எழுத்து, நிழலோ ஓரக்கோடோ எதுவும் இல்லை.

இடம் சொல்வதில் இன்னும் இரண்டு வழிகள் யோசித்தோம். ‘1 கிமீ தூரத்தில்’ என்று எழுதலாம். ஆனால் யாரும் மீட்டரைப் பார்த்து ஒரு கிலோமீட்டர் எண்ணிக்கொண்டு போவதில்லை. தென்பெண்ணைப் பாலத்தைத் தவறவிட முடியாது. ஆறு தெரியும், காற்று மாறும், டயர் சத்தம் மாறும். பாலம் ஏறி இறங்கும்போது ‘இனி இடப்பக்கம் பார்’ என்று நினைவு தானாக வரும். இன்னொன்று, பெரிய அம்புக்குறி. அம்பு எந்த மொழிக்காரருக்கும் புரியும் என்பது சரிதான். ஆனால் முக்கால் கிலோமீட்டர் முன்னால் இடப்பக்கம் அம்பு போட்டால், போர்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சந்துக்குள் வண்டியைத் திருப்பிவிடுவார்கள். முன்பு வேறொரு கடைக்கு அப்படி அம்பு போட்டுக் கொடுத்து, அந்தச் சந்தில் குடியிருந்தவர்களிடம் நான் பேச்சு வாங்கியிருக்கிறேன். அம்பு, திரும்ப வேண்டிய இடத்தில் மட்டும்.

போர்டைப் பாலத்தை ஒட்டியே வைத்தால் என்ன என்றும் கடைக்காரர் கேட்டார். சாலை விளம்பரங்களுக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த ஐ.ஆர்.சி. 46 நெறிமுறை, சந்திப்புகளுக்கும் பாலங்களுக்கும் 100 மீட்டருக்குள் விளம்பரம் வேண்டாம் என்கிறது. அது இல்லையென்றாலும் அங்கே வைப்பதில் பயனில்லை. படித்து, பக்கத்தில் இருப்பவரிடம் ‘வாங்கலாமா’ என்று கேட்டு, வேகம் குறைத்து, இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்ட அவருக்கு நேரம் வேண்டும். முக்கால் கிலோமீட்டர் என்றால் 45 நொடி கிடைக்கிறது.

அப்புறம் மூன்றையும் சோதித்துப் பார்த்தோம். இது எவரும் செய்யலாம். 20 அடி போர்டை ஏ4 தாளின் நீளப் பக்கத்துக்குச் சுருக்கினால் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு ஆகிறது. 100 மீட்டர் தூரம் ஐந்து மீட்டராகச் சுருங்கும், 60 மீட்டர் மூன்று மீட்டராகும். மூன்றையும் கலரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மஞ்சக்குப்பத்தில் வேன் ஓட்டுநர்கள் நிற்கும் டீக்கடைக்குப் போனோம். நாலு மீட்டர் தள்ளி நின்று, மூன்று நொடி காட்டிவிட்டுத் தாளைத் திருப்பிவிட வேண்டும். ‘நல்லா இருக்கா’ என்று கேட்கக் கூடாது, ‘என்ன படிச்சீங்க’ என்று மட்டும் கேட்க வேண்டும்.

முதல் தாளுக்கு ஒருவர் ‘ஏதோ பண்ருட்டி... பிள்ளையார் இருந்தாரு’ என்றார். இன்னொருவர் மசாலா கம்பெனி என்றார். இரண்டாவது தாளைப் பார்த்த வேன்காரர் ‘முந்துங்கள்னு போட்டிருக்கு, டிராபிக் போலீஸ் போர்டாண்ணே?’ என்று கேட்டார். கடைக்காரரின் மகனும் பக்கத்தில்தான் நின்றிருந்தார். மூன்றாவது தாளுக்கு ‘பாலம் தாண்டி இடப்பக்கம் முந்திரிக் கடை’ என்று மூன்று பேர் சொன்னார்கள். நான்காமவர் பக்கத்தை மட்டும் மறந்துவிட்டார். ‘இடப்பக்கம்’ என்ற வரியைச் சற்றுத் தடித்த எழுத்தாக மாற்றியது அவர் சொன்ன பிறகுதான்.

கடைக்காரருக்கு ஒரு குறை தீரவில்லை. ‘எல்லாம் சரி தம்பி, என் கடை பேரே இல்லையே?’ என்றார். நியாயமான வருத்தம். ஊரறிந்த பெயராக இருந்தால் பெயரையே முதல் வரியில் போட்டிருப்பேன், முந்திரி என்ற சொல்கூடத் தேவைப்பட்டிருக்காது. முதல் தடவை இந்தப் பக்கம் வருகிறவருக்கு அந்தப் பெயர் இன்னும் ஒன்பது எழுத்துச் சுமை. அதனால் கடை வாசலில் அதே மஞ்சளில், அதே எழுத்தில் ‘பண்ருட்டி முந்திரி’ என்று போட்டு, அதே ஒற்றைப் பருப்பு, அதன் கீழ் அம்பு, அதன் கீழ் அவர் கடைப் பெயர் என்று இரண்டாவது போர்டு செய்தோம். பாலம் இறங்கி வருகிறவர் தேடுவது அந்த மஞ்சளைத்தான். செல் நம்பர் இரண்டும் கியூஆர் கோடும் முந்திரி பாக்கெட்டின் பின்பக்கத்துக்குப் போயின, பிள்ளையார் கல்லாப் பெட்டிக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார்.