வேலையை ஏற்றது யார்? உரையாடலை எழுத்தாக்கும் மென்பொருளுடன் என் அனுபவம்

கோத்தகிரிப் பக்கத்தில் சிறு தேயிலை விவசாயிகள் குழு ஒன்றுக்கு நான் செயலாளர். வாரந்தோறும் போனில் நடக்கும் கூட்டத்துக்குத் தீர்மானக் குறிப்பு எழுதுவது என் வேலை. பேச்சைத் தானாக எழுத்தாக்கும் மென்பொருளை நெடுநாளாகப் பயன்படுத்துகிறேன். சொற்களை அது நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் எதை யார் சொன்னார் என்பதில் அதை நம்பிவிடக் கூடாது.

ஒரு கூட்டத்தில், இலை ஏற்றும் வண்டி மூன்று மணிக்குப் பதிலாக இரண்டு மணிக்கு வரவேண்டும் என்று பேசினோம். எழுத்தில் இப்படி வந்தது:

பேசுபவர் 1: ஃபேக்டரியில் யார் சொல்வது?
பேசுபவர் 3: அண்ணன் பேசினால்தான் கேட்பார்கள். சரி, நாளைக் காலையில் பேசிவிடுகிறேன்.

இதை அப்படியே எடுத்தால் பொறுப்பு மூன்றாமவர் தலையில் விழும். அண்ணன்தான் பேசவேண்டும் என்றவர் அடுத்த மூச்சிலேயே அந்த வேலையைத் தானே ஏற்பாரா? சந்தேகம் வந்து ஒலிப்பதிவில் அந்த இடத்தைக் கேட்டேன். இரண்டு குரல்கள். சிக்னல் கிடைக்காததால் பொருளாளர் பக்கத்து வீட்டுத் தம்பியின் போனில், ஸ்பீக்கரில் பேசியிருக்கிறார். அண்ணன் பேசவேண்டும் என்றது தம்பி; ஏற்றது பொருளாளர்.

மென்பொருள் குரலின் தன்மையை வைத்தே ஆளைப் பிரிக்கிறது. ஓரிரு வினாடிப் பேச்சில் அதற்குப் போதிய ஒலி கிடைப்பதில்லை. பொறுப்பை ஏற்கும் வாக்கியங்களோ பெரும்பாலும் அவ்வளவு குறுகியவை. பருவமழை தகரக் கூரையில் அடிக்கும் நாட்களில் குழப்பம் இன்னும் கூடும்.

அதனால் எழுத்தை முதலிலிருந்து சுருக்கிக்கொண்டு வரமாட்டேன். 'செய்கிறேன்', 'அனுப்புகிறேன்' என்று ஒருவர் தன் வாயால் ஏற்ற இடங்களைத் தேடி, அங்கிருந்து பின்னோக்கிப் படித்து எதற்கான பதில் அது என்று பார்ப்பேன். வேலையைச் சொன்னவருக்கும் ஏற்றவருக்கும் ஒரே எண் விழுந்திருந்தால் ஒலியைக் கேட்காமல் எழுதுவதில்லை. 'அனுப்பிவிடலாம்' என்று மட்டும் முடிந்த பேச்சுக்கு ஆளே கிடையாது; அதன் எதிரில் 'பொறுப்பாளர் இல்லை' என்றே எழுதுகிறேன். யாரையாவது ஊகித்துப் போடுவதைவிட அந்த வெற்றிடம் கண்ணில் படுவது நல்லது.

தீர்மானங்களை மட்டும் கடைசி வரை படித்த பிறகே எழுதவேண்டும். அதே கூட்டத்தின் முடிவில், பறிப்பவர்கள் இலையை எடைக்குக் கொண்டுவர நேரம் போதாது என்று ஒரு அக்கா சொல்ல, வண்டி நேரம் இரண்டரை ஆனது. பாதியில் நிறுத்தியிருந்தால் பொருளாளர் ஃபேக்டரியில் தவறான நேரத்தைச் சொல்லியிருப்பார்.

இப்போது கூட்டம் தொடங்கும்போதே பதிவு செய்வதைச் சொல்லி எல்லோரின் சம்மதம் கேட்கிறேன். பிறகு ஒவ்வொருவரும் பெயரையும், யார் போனில் பேசுகிறார்கள் என்பதையும் சொல்கிறார்கள். எண்களைப் பெயர்களோடு பொருத்த இதுவே பெரிய உதவி. குறிப்பில் ஒவ்வொரு வேலைக்கும் ஆள், கெடு, ஒலிப்பதிவில் அது வரும் நிமிடம் ஆகியவற்றைச் சேர்த்து அன்று மாலையே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். 'நான் ஏற்கவில்லையே' என்று யாராவது சொன்னால், அந்த நிமிடத்தை இருவரும் சேர்ந்து கேட்டுத் திருத்திக்கொள்கிறோம்.