சிஒய்கே டேபிள்: நீள வாரியா நிரப்பலாமா, நெடுவரிசை வாரியா நிரப்பலாமா?

ஒரு ஸ்ட்ரிங் கிராமருக்குள்ள வருமான்னு பார்க்க சிஒய்கே அல்காரிதம் எழுதும்போது எல்லாரும் சொல்லித் தர்றது நீள வாரியா நிரப்புற முறைதான், அதாவது முதல்ல ஒரு எழுத்து, அப்புறம் ரெண்டெழுத்து, மூணெழுத்துன்னு டயகனல் டயகனலா மேல போறது. நான் டைப் பண்ணப் பண்ண எக்ஸ்பிரஷனைச் செக் பண்ற ஒரு சின்ன டூலுக்காக நெடுவரிசை முறைக்கு மாறினேன், இப்ப யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்.

கிராமர் சாம்ஸ்கி நார்மல் ஃபார்ம்ல இருக்கணும், அதாவது ஒவ்வொரு ரூலும் ரெண்டு சிம்பலாவோ ஒரே ஒரு எழுத்தாவோதான் விரியணும்; ஸ்ட்ரிங் நீளம் n-னா மொத்த வேலை n³ அளவுல ஏறும், இது ரெண்டு முறைக்கும் ஒண்ணுதான். நிரப்புற செல்லும் அதேதான், எந்த வரிசையில நிரப்புறோம்ங்கறதுதான் மாறுது.

அடைப்புக்குறி கிராமரையே எடுத்துக்குவோம்:

```
S -> S S | L R | L X
X -> S R
L -> (
R -> )
```

`T[i][j]`ன்னா i-ல ஆரம்பிச்சு j-க்கு முன்னாடி முடியிற துண்டை எந்தெந்த சிம்பல் உருவாக்கும்னு அர்த்தம், எல்லா செல்லும் காலி செட்டா ஆரம்பிக்கும்; `rules`ல ரெண்டு சிம்பல் ரூல்களும் `term`ல எழுத்து ரூல்களும் இருக்கு. நெடுவரிசை முறையில ஒவ்வொரு புது எழுத்து வரும்போதும் அந்த எழுத்தில முடியிற எல்லாத் துண்டையும் நிரப்பிட்டுத்தான் அடுத்த எழுத்துக்குப் போவோம்:

```python
for j in range(1, n+1):
    T[j-1][j] = set(term[s[j-1]])
    for i in range(j-2, -1, -1):
        for k in range(i+1, j):
            for A, B, C in rules:
                if B in T[i][k] and C in T[k][j]:
                    T[i][j].add(A)
```

`(())` கொடுத்துப் பாருங்க. முதல் ரெண்டு எழுத்துக்கும் L மட்டும்தான், `T[0][2]` காலி. மூணாவது எழுத்து வந்ததும் `T[2][3]`ல R விழுது, `T[1][3]`ல L R சேர்ந்து S வருது, `T[0][3]` காலியாவே நிக்குது, ஏன்னா L S-னு ஒரு ரூலே இல்ல. நாலாவது எழுத்துக்கு `T[3][4]`ல R, `T[2][4]` காலி, `T[1][4]`ல S R சேர்ந்து X, கடைசியா `T[0][4]`ல L X சேர்ந்து S. ஸ்ட்ரிங் மொழியில இருக்கு.

இப்ப முக்கியமான விஷயம், ஸ்ட்ரிங் வளர்ந்தா என்ன ஆகும்ங்கறது. 100 எழுத்துக்கு டேபிள் முழுசா நிரப்ப எல்லா செல்லுக்கும் சேர்த்து 1,66,650 இடத்துல வெட்டிப் பார்க்கணும். 101-வது எழுத்து வந்தா நெடுவரிசை முறையில புதுசா 5,050 தான், பழைய செல் எதையும் தொட வேண்டாம். நீள வாரி லூப்பை அப்படியே திரும்ப ஓட்டினா 1,71,700. அதிலயும் புது செல்லை மட்டும் நிரப்புற மாதிரி மாத்தி எழுதலாம்தான், ஆனா எழுதி முடிச்சா அது இந்த நெடுவரிசை லூப்பாவே வந்து நிக்கும். பேக்ஸ்பேஸ் அடிச்சா கடைசி நெடுவரிசையைத் தூக்கிப் போட்டா போதும். இன்னொண்ணு, ஒவ்வொரு நெடுவரிசை முடியும்போதும் `T[0][j]`ல S இருக்கான்னு பார்த்தா அதுவரைக்கும் டைப் பண்ணது முழுமையான ஸ்ட்ரிங்கான்னு அப்பவே தெரிஞ்சிடும், நீள வாரியில அது j-வது ரவுண்டுலதான், ஸ்ட்ரிங் முழுக்க இருக்கிற சின்னத் துண்டுகளையெல்லாம் நிரப்பின பிறகுதான் தெரிய வரும்.

கவனிக்க வேண்டியது உள் லூப்ல i கீழ்நோக்கி இறங்கணும்ங்கறது. `T[0][4]`க்கு `T[1][4]` வேணும், அதனால i-ஐ 0-ல இருந்து ஏத்தினா தேவையான செல் இன்னும் காலியா இருக்கும். எரர் எதுவும் வராது, அதுதான் ஆபத்து. ஒற்றை எழுத்து செல்களை முன்னாடியே நிரப்பி வச்சிருந்தா `()` சரியா பாஸ் ஆகும், `(())`ம் `()()`ம் மட்டும் இல்லன்னு வரும். தப்பான ஸ்ட்ரிங்கை ஏத்துக்காது, சரியானதைத் தள்ளிவிடும், அதனால தப்பான இன்புட்டை மட்டும் வச்சு டெஸ்ட் பண்ணா மாட்டவே மாட்டாது. நீள வாரியில இந்தப் பிரச்சினையே கிடையாது, முதல் தடவை எழுதறவங்களுக்கு அது நிஜமான பலம்.

நீள வாரிக்கு இன்னொரு பலம், ஒரே நீளமுள்ள செல்கள் ஒண்ணையொண்ணு நம்பி இல்ல, அதனால பேரலலா ஓட்ட வசதி. நான் ஓட்டினது எல்லாம் சின்ன இன்புட், அதனால பெரிய இன்புட்ல அது எவ்வளவு மிச்சம் பண்ணும்னு என் அனுபவத்தை வச்சுச் சொல்ல மாட்டேன்.

நெடுவரிசை முறைக்கும் எல்லை இருக்கு. `((`னு நிக்கும்போது S இல்லன்னு சொல்லும், `)`க்கும் அதேதான் சொல்லும், முதல்ல இருக்கறதை நீட்டிச் சரி பண்ணலாம் ரெண்டாவதை முடியவே முடியாதுங்கற வித்தியாசம் இந்த டேபிள்ல தெரியாது. அந்த வேலைக்கு ஏர்லி அல்காரிதம் பக்கம் போகணும். அதே மாதிரி முன்னாடி எழுத்து சேர்க்கிற தேவைன்னா லூப்பைத் திருப்பிப் போடுங்க, i-ஐ வெளியில கடைசியில இருந்து இறக்கி, j-ஐ உள்ள ஏத்தினா போதும்.