பி.எஃப். பணம் எடுக்கத் தரகரிடம் 3,000 ரூபாய் அழுத கதை

2022-இல் திருப்பூர் வேலையை விட்டேன். இரண்டு மாதம் கழித்து பி.எஃப். பணத்தை முழுதாக எடுக்க ஆன்லைனில் விண்ணப்பித்தேன். சில நாளில் க்ளெய்ம் ரிஜெக்ட். காரணம் என்ற இடத்தில் வங்கி விவரம் பொருந்தவில்லை என்று ஒரே ஒரு வரி இருந்தது.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் "பி.எஃப். எடுத்துத் தரப்படும்" என்று போர்டு போட்ட கடைக்காரர், "உள்ளே நமக்கு ஆள் இருக்கு சார்" என்றார். 3,000 ரூபாய் கொடுத்தேன். பாஸ்வேர்டையும் கொடுத்தேன், அதுதான் பெரிய முட்டாள்தனம். அவர் அதே தப்பான வங்கி விவரத்தோடு மறுபடி ஒரு க்ளெய்ம் போட்டார். அதுவும் திரும்பியது. அப்புறம் காகிதப் படிவம் என்றார். நான் ஊரில் இல்லாத நாளில் என் கையெழுத்தையும் அவரே போட்டு அனுப்பிவிட்டார். இந்த முறை வந்த காரணம், கையெழுத்து பொருந்தவில்லை! பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "நான் அலைஞ்ச கூலி" என்று முடித்துவிட்டார்.

கடைசியில் பாஸ்புக்கோடு வங்கிக் கிளைக்குப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. என் கணக்கு சிண்டிகேட் வங்கியில் இருந்தது. 2020 ஏப்ரலில் அது கனரா வங்கியோடு இணைந்தது. SYNB என்று தொடங்கும் பழைய ஐ.எஃப்.எஸ்.சி. 2021 ஜூலையிலிருந்து செல்லாது. என் பி.எஃப். கணக்கில் அந்தப் பழைய எண்ணே கிடந்தது. போதாததற்கு, வங்கியில் என் பெயர் இனிஷியலோடு இருக்க, ஆதாரிலும் பி.எஃப்.பிலும் அப்பா பெயர் முழுதாக இருந்தது. நம்மூர் இனிஷியல் பழக்கத்தில் மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய.

கிளையில் ஆதார் நகலோடு கடிதம் கொடுத்து, பெயரை ஆதாரில் உள்ளபடி மாற்றினேன். பாஸ்வேர்டையும் மாற்றினேன். பிறகு உறுப்பினர் தளத்தில் `Manage` → `KYC` போய், CNRB என்று தொடங்கும் புது எண்ணோடு கணக்கைச் சேர்த்தேன். அன்றைக்கு பழைய கம்பெனி அதற்கு ஒப்புதல் தர வேண்டியிருந்தது, அதற்கே மூன்று வாரம் போனது. 2025 ஏப்ரலிலிருந்து அந்த ஒப்புதலும் வேண்டாம், காசோலைப் படம் ஏற்றவும் வேண்டாம்.

விவரம் சரிபார்க்கப்பட்டதாகக் காட்டிய பிறகே `Online Services` → `Claim (Form-31, 19, 10C & 10D)` போய், பி.எஃப். பணத்தை முழுதாக எடுப்பதற்கான படிவம் 19-ஐப் போட்டேன். அதற்கு முன் போட்டிருந்தால் நாலாவது ரிஜெக்ட்தான். ஆன்லைனில் ஆதார் ஓ.டி.பி.யே கையெழுத்துக்குச் சமம், ஆகவே கையெழுத்துச் சிக்கலும் அத்தோடு தீர்ந்தது. ஆதாரில் இருக்கும் மொபைல் எண் மட்டும் உங்கள் கையில் இருக்க வேண்டும். காகிதப் படிவம்தான் வழி என்றால் நீங்களே கையெழுத்திடுங்கள், வெற்றுப் படிவத்தில் போட்டுக் கொடுக்காதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் திரும்பினால் `epfigms.gov.in`-இல் புகார் போடலாம், கட்டணம் கிடையாது. எனக்கு அது தேவைப்படவில்லை. நாலாம் தடவை பணம் வந்துவிட்டது. அந்தக் கடையில் போர்டு இன்னும் தொங்குகிறது.