உறுமுகிறது, ஓடவில்லை: கப்பாசிற்றர் போனதா, கொம்பிரசர் இறுகியதா?

வெளியே சுவரில் தொங்கும் யூனிட்டில் விசிறி சுற்றுகிறது. ஆனால் உள்ளே கொம்பிரசர் "ம்ம்ம்" என்று ஏழெட்டு விநாடி உறுமிவிட்டு, "டக்" என்ற சத்தத்தோடு அடங்கிவிடுகிறது. சில நிமிடம் கழித்து மறுபடியும் அதே உறுமல், அதே டக். வீட்டுக்குள் ஏசி வெறும் காற்றைத்தான் தள்ளிக்கொண்டிருக்கிறது. சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை வன்னியில் அடிக்கடி வருகிற பழுது இது. திருத்த வருகிற பலர் அந்த உறுமலைக் கேட்டதுமே "அண்ணை, கொம்பிரசர் இறுகிட்டுது" என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருகிற இடம் அதுதான். கப்பாசிற்றர் செத்தாலும் கொம்பிரசர் இறுகினாலும் உறுமல் ஒன்றேதான், காதால் பிரித்தறியவே முடியாது. ஒன்று ஓரிரு ஆயிரம் ரூபாயோடு முடிகிற வேலை, மற்றது பல பத்தாயிரம் போகிற வேலை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது இன்வேட்டர் அல்லாத, பழைய மாதிரி ஒரே வேகத்தில் ஓடும் ஏசிகளுக்கு மட்டும்தான் பொருந்தும். இன்வேட்டர் ஏசியின் கொம்பிரசருக்கு இந்த ரன் கப்பாசிற்றரே கிடையாது, அதன் கதை போர்ட்டோடு சம்பந்தப்பட்டது.

சரி, ஏன் இரண்டுக்கும் ஒரே சத்தம்? கொம்பிரசர் மோட்டாருக்குள் இரண்டு சுருள்கள் இருக்கின்றன, ரன் சுருள் ஒன்று, ஸ்டார்ட் சுருள் ஒன்று. சைக்கிள் பெடல் நேரே உச்சியில் நிற்கும்போது மேலிருந்து எவ்வளவு பலமாக மிதித்தாலும் சக்கரம் அசையாது, கொஞ்சம் பக்கவாட்டில் ஒரு தள்ளு வேண்டும். ரன் சுருள் மட்டும் இருந்தால் மோட்டாரின் நிலையும் அதுதான். அந்தப் பக்கவாட்டுத் தள்ளைக் கொடுப்பது ஸ்டார்ட் சுருள். அதற்குப் போகிற கரண்ட் ரன் சுருளின் கரண்டோடு ஒரே நேரத்தில் ஏறி இறங்காமல் முந்திப் போகும்படி செய்வது கப்பாசிற்றர். கப்பாசிற்றர் தேய்ந்தால் தள்ளு இல்லை, மோட்டார் நின்ற இடத்திலேயே நின்று அதிரும். கொம்பிரசர் இறுகிவிட்டால் தள்ளு இருக்கிறது, சுற்ற இடமில்லை, அப்போதும் நின்று அதிரும். இரண்டிலும் சுற்றாத மோட்டார் வழக்கமான கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். சூடேறியதும் ஓவர்லோட் என்கிற பாதுகாப்புச் சுவிட்ச் கரண்டைத் துண்டித்துவிடும். அந்த டக் அதுதான்.

போன வைகாசியில் பரந்தனில் தெரிந்த அண்ணை ஒருவரின் மருந்துக் கடையில் இதே பழுது. 12,000 பிடியூ யூனிட், மேற்குச் சுவரில் பின்னேர வெயில் முழுவதும் அதன்மேல்தான். முதலில் வந்து பார்த்தவர் கொம்பிரசர் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார், மீற்றர் எதையும் வெளியே எடுக்கவில்லையாம். நான் போனதும் கேட்ட முதல் கேள்வி, "அண்ணை, இது திடீரென்று நின்றதா, கொஞ்ச நாளாகவே இழுபறியா?" என்பதுதான். ஒரு மாதமாகவே காலையில் ஒழுங்காக ஓடும், மத்தியானம் வெயில் ஏறினால் ஓரிரு தடவை முக்கி முக்கித்தான் எடுபடும், அந்த நேரம் கடை லைற்றும் ஒரு கணம் மங்கும் என்றார். இது கப்பாசிற்றர் மெல்ல மெல்லத் தேய்கிறபோது வருகிற வரலாறு. வெயிலில் காய்கிற பெட்டிக்குள் இருக்கும் கப்பாசிற்றரின் கொள்ளளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், ஒரு நாள் மோட்டாரை எடுக்கப் போதாமல் போகும்.

ஆனால் வரலாறு சாட்சி மட்டும்தான், தீர்ப்பு மீற்றரிடம். பிறேக்கரை இறக்கி, மூடியைக் கழற்றி, கப்பாசிற்றரில் தேங்கியிருக்கும் மின்னை முதலில் இறக்க வேண்டும். கரண்ட் நின்ற பிறகும் அதில் அடிக்கிற அளவு மின் நிற்கலாம், விளையாட்டில்லை. ஸ்குறூட்றைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்க விடுகிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. ஹோல்டரில் போட்ட பழைய குண்டு பல்பின் இரண்டு வயரையும் இரண்டு முனைகளிலும் சில விநாடி தொட்டால் போதும். பிறகு வயர்களைப் படம் எடுத்துவிட்டுக் கழற்றி, மீற்றரை மைக்ரோபரட் அளவுக்குத் திருப்பிப் பார்த்தேன். மேலே எழுதியிருந்தது 35, கூட்டிக் குறைக்க ஐந்து வீதம், அதாவது 33.25க்குக் கீழே இறங்கக் கூடாது. மீற்றர் காட்டியது 11.6. வெளியே பார்க்க ஊதலும் இல்லை, எண்ணெய்க் கசிவும் இல்லை, புதுசு மாதிரித்தான் இருந்தது. ஊதியிருந்தால் பழுது நிச்சயம், ஊதாவிட்டால் நல்லது என்று அர்த்தமே இல்லை.

அதே 35, அதே 450 வோல்ற் கப்பாசிற்றர் ஒன்றைப் போட்டு, கொம்பிரசருக்குப் போகிற பொது வயரில் கிளாம்ப் மீற்றரை மாட்டிவிட்டு ஓன் செய்தேன். 27 அம்பியருக்கு ஏறி, ஒரு விநாடிக்குள் 4.6க்கு இறங்கியது. இந்த இறக்கம்தான் நீங்கள் பார்க்க வேண்டியது. மோட்டார் சுற்றத் தொடங்கினால் மட்டுமே கரண்ட் விழும். ஆம், கடையில் 35 இல்லை, 50 இருக்கிறது, அதைப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம், ஸ்டார்ட் சுருளில் அளவுக்கு மீறிய கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும், அது சுருளைச் சுடவைக்கும்.

இனி மற்றப் பக்கம். முல்லைத்தீவில், கடலுக்குக் கிட்ட ஒரு ஸ்ரூடியோ. அங்கேயும் உறுமல், அங்கேயும் டக். அளவும் அதே 12,000 பிடியூ. ஆனால் கேட்ட கதை வேறு. உப்புக் காற்றில் கொயில் அரித்து, இரண்டு வருடத்தில் மூன்று தடவை காஸ் நிரப்பியிருக்கிறார்கள், கசிவை யாரும் தேடி அடைக்கவில்லை. கடைசி வாரங்களில் கரகரவென்று இரும்பு உரசுகிற மாதிரி ஒரு சத்தம் வந்ததாம். காஸ் குறைவாக ஓடுகிற கொம்பிரசர் சரியாகக் குளிராது, ஏனென்றால் திரும்பி வருகிற காஸ்தான் அதைக் குளிர்விக்கிறது. குழாய்களுக்குள் போன எண்ணெயும் ஒழுங்காகத் திரும்பி வராது. சூடும் எண்ணெய்ப் பஞ்சமும் சேர்ந்து உள்ளே உரசி உரசிப் பிடித்துக்கொள்ளும். கப்பாசிற்றர் தேய்வதற்கு இப்படி ஒரு முன்கதை தேவையில்லை, இறுகுவதற்குப் பெரும்பாலும் இருக்கும்.

அங்கே கப்பாசிற்றரை அளந்தேன், 33.9. எல்லைக்குள்தான். அப்படியிருந்தும் புதியது ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், ஏனென்றால் மீற்றர் மிகச் சிறிய வோல்ற்றில் அளக்கிறது, வேலை நேரத்து வோல்ற்றில் கப்பாசிற்றர் எப்படி நடக்கும் என்பதை அது காட்டாது. புதியதிலும் 28 அம்பியருக்கு ஏறி, டக் வரும்வரை அங்கேயே நின்றது, ஒரு அம்பியர்கூட இறங்கவில்லை. அந்த ஏழெட்டு விநாடியும் கொம்பிரசர் முனையில் 212 வோல்ற் இருந்தது, ஆக லைனில் குறை சொல்ல முடியாது.

இந்த இடத்தில் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதக் கூடாது, இன்னும் ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. ஸ்டார்ட் சுருள் அறுந்திருந்தாலும் இதே உறுமல் வரும். பிறேக்கரை இறக்கி, கொம்பிரசரின் மூன்று முனைகளிலும் இருந்து வயரைக் கழற்றி ஓம் பார்த்தேன். பொது முனைக்கும் ரன்னுக்கும் 2.3, பொது முனைக்கும் ஸ்டார்ட்டுக்கும் 3.4, ரன்னுக்கும் ஸ்டார்ட்டுக்கும் 5.7. முதல் இரண்டையும் கூட்டினால் மூன்றாவது வருகிறது, அப்படியென்றால் எந்தச் சுருளும் அறுந்திருக்கவில்லை. உடலுக்கும் முனைகளுக்கும் இடையில் தொடர்பும் இல்லை. பலர் இங்கே தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்: ஓம் சரியாக இருக்கிறது, ஆகவே கொம்பிரசர் நல்லது என்று. இறுகிய கொம்பிரசரில் பெரும்பாலும் சுருள் நன்றாகத்தான் இருக்கும், போனது இயந்திரப் பகுதி. அதை ஓம் மீற்றர் காணாது. நல்ல கப்பாசிற்றர், போதிய வோல்ற், சரியான சுருள், இவ்வளவும் இருந்தும் கரண்ட் இறங்கவில்லை என்றால்தான் இறுகிவிட்டது என்று சொல்ல முடியும்.

கடைசியாக ஹார்ட் ஸ்டார்ட் கிட் ஒன்றையும் பொருத்திப் பார்த்தேன். தொடக்கத்தில் மட்டும் ஒரு பெரிய கப்பாசிற்றரைச் சேர்த்துப் பலமான தள்ளுக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிற சின்னச் சாமான் அது. இலேசாகப் பிடித்திருந்தால் சில வேளை விடுபடும், விடுபட்டாலும் உள்ளே தேய்ந்தது தேய்ந்ததுதான், எத்தனை நாளைக்கு என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இங்கே அசையவேயில்லை. கொம்பிரசர் மட்டும் மாற்றலாமா என்று அந்தத் தம்பி கேட்டான். கசிகிற கொயிலை வைத்துக்கொண்டு புதுக் கொம்பிரசரை மாட்டினால் அதுவும் அதே வழியில்தான் போகும். கசிவை அடைத்து, ஃபில்டரை மாற்றி, வக்கூம் பிடித்து, காஸ் நிரப்பி எல்லாம் செய்தால் அந்தப் பழைய யூனிட்டுக்குக் கட்டாது. முழு யூனிட்டையும் மாற்றச் சொன்னேன்.

இரண்டுக்கும் நடுவில் எங்கள் பக்கத்துக்கென்றே ஒரு மூன்றாவது ஆள் நிற்கிறான், அவனைப் பார்க்காமல் விட்டால் இந்த ஒப்பீடே பிழைத்துவிடும். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, லைனின் கடைசியில் இருக்கிற ஒரு வீடு. பகலில் ஏசி ஓடும், இரவு ஏழு மணிக்கு உறுமும். கப்பாசிற்றர் 34.1, நல்லது. சும்மா இருக்கும்போது 176 வோல்ற், கொம்பிரசர் எடுபட முயலும் நேரம் 158. மோட்டாரின் தொடக்க பலம் வோல்ற்றின் வர்க்கத்தோடு குறைகிறது, ஆகவே 230இல் கிடைக்கிற பலத்தில் பாதிகூட 158இல் கிடையாது. அங்கே கப்பாசிற்றரும் குற்றவாளி இல்லை, கொம்பிரசரும் இல்லை. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருகிற வயரின் தடிப்பையும் இணைப்புகளையும் பார்த்தோம், ஒரு இணைப்பு கருகி இருந்தது. வீட்டுக் கரண்ட் மீற்றருக்கு முந்திய பக்கம் என்பதால் நாங்கள் கை வைக்கவில்லை, மின்சார சபைக்குச் சொல்லி அவர்கள் வந்து திருத்தினார்கள். பிறகு இரவில் 205 அளவில் நின்றது, ஏசியும் எடுபட்டது. கரண்ட் போய் உடனே வரும்போதும் இப்படி ஒரு தடவை உறுமி டக் அடிக்கலாம், கொம்பிரசரின் இரண்டு பக்கத்துக் காஸ் அழுத்தமும் சமப்படாத நேரம் அது. ஓஃப் பண்ணி ஐந்து நிமிடம் விட்டுப் போட்டால் எடுபடும்.

எந்தப் பழுதாக இருந்தாலும் ஒன்று மட்டும் பொது. உறுமுகிற ஏசியை "தானாக எடுபடும்" என்று நாள் முழுக்க ஓனில் விடாதீர்கள். ஒவ்வொரு உறுமலிலும் சுருளுக்குள் 27 அம்பியர் ஓடுகிறது. கப்பாசிற்றர் மட்டும் போன கொம்பிரசரின் சுருளை அதுவே கருக்கிவிடும். ஆள் வரும்வரை பிறேக்கரை இறக்கி வையுங்கள். வருகிறவரிடம் கிளாம்ப் மீற்றர் இல்லையென்றால் இருக்கிறவர் ஒருவரைக் கூப்பிடுங்கள்.